கடிகாரம் மிதந்தது, அலமாரி சிதறிக் கிடந்தது: ஒரு ஹாலைச் சரிசெய்த பதிவு

எங்கள் ஹாலில் எல்லாம் இருந்தது. சோபாவுக்கு மேலே சுவர்க் கடிகாரம், பக்கச் சுவரில் திறந்த அலமாரி, அலமாரி நிறைய ஷோ பீஸ். ஆனாலும் யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போன அறை மாதிரியே இருந்தது. ரொம்ப நாளாக, இன்னும் ஏதாவது வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். போன மாதம் இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி, டேப் எடுத்து அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பொருட்களின் எண்ணிக்கையில் குறை இல்லை, அளவில்தான் இருந்தது. கடிகாரம் அந்தச் சுவருக்குச் சின்னது, அலமாரியில் இருந்தவை எல்லாமே ஏறக்குறைய ஒரே உயரம். அதை எப்படிச் சரிசெய்தேன், எங்கே தப்பு நடந்தது என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

முதலில் கடிகாரம். சோபா 7 அடி நீளம், அதாவது 84 இன்ச். சாய்மானத்தின் உச்சி தரையிலிருந்து 34 இன்ச். அதற்கு மேலே, கிட்டத்தட்ட கூரைக்குப் பக்கத்தில், 12 இன்ச் கடிகாரம் ஒன்று. சோபாவுக்கும் அதற்கும் நடுவில் மூன்றடிக்கு மேல் வெற்றுச் சுவர். அதனால் கடிகாரம் சோபாவோடும் சேரவில்லை, கூரையோடும் சேரவில்லை, நடுவானத்தில் தனியாக மிதந்தது. சோபா மாதிரி ஒரு பெரிய பொருளுக்கு மேலே எதை மாட்டினாலும், அது ஒற்றையாக இருந்தாலும் கூட்டமாக இருந்தாலும், மொத்த அகலம் சோபாவின் அகலத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை இருந்தால்தான் இரண்டும் ஒன்றைச் சேர்ந்தவை என்று கண் ஏற்றுக்கொள்ளும். என் சோபாவுக்கு அது 42 முதல் 56 இன்ச் வரை. 12 இன்ச் கடிகாரம் அங்கே சட்டைப் பொத்தான் அளவுதான்.

சரி, பெரிய கடிகாரம் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்குவதற்கு முன்னால் செய்தித்தாளை ஒட்டி 16, 20, 24 இன்ச் வட்டங்களாக வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். 24 இன்ச் வட்டம்கூட அந்தச் சுவருக்குப் போதவில்லை. சோபாவை ஒட்டி, சாய்மானத்துக்கு 8 இன்ச் மேலே அதை இறக்கிப் பார்த்தபோது அளவு ஓரளவு பொருந்தியது. ஆனால் அங்கேதான் வேறொரு சிக்கல் தெரிந்தது. அம்மா சோபாவில் வந்து உட்கார்ந்தார். எதிரே நின்று பார்த்தால் வட்டத்தின் கீழ்ப்பாகம் அவர் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. படமாக இருந்தால் பரவாயில்லை, ஓரம் மறைந்தால் ஒன்றும் ஆகாது. கடிகாரத்தில் ஆறும் ஐந்தும் ஏழும் மறைந்தால் அப்புறம் எப்படி மணி பார்ப்பது?

அம்மா அதற்குள், “எனக்கு எதுக்குடா தலைக்குப் பின்னாடி கடிகாரம்? மணி பார்க்கணும்னா எந்திரிச்சு நின்னு திரும்பணும்” என்றார். அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் உட்காருகிற இடம் சோபா. அங்கே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒரே சுவர், சோபாவுக்குப் பின்னால் இருக்கிற சுவர். கடிகாரத்தை அங்கே மாட்டியதால்தான் தலைகளுக்கு மேலே தெரியட்டும் என்று உயரத்தில் ஏற்றினோம், உயரத்தில் ஏற்றியதால்தான் அது மிதந்தது. பெரிதாக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, இடத்தை மாற்ற வேண்டும்.

சோபாவுக்கு எதிர்ப்பக்கம், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் 30 இன்ச் அகலத்தில் ஒரு ஒல்லியான சுவர்த்துண்டு இருக்கிறது. இதுவரை யாரும் கவனிக்காத இடம். இந்த மாதிரிச் சின்னச் சுவர்த்துண்டுதான் கடிகாரத்துக்குப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து, ஏனென்றால் இரண்டு பக்கமும் சட்டங்கள் இருப்பதால் சுவரே ஒரு பிரேம் மாதிரி அமைந்துவிடுகிறது. அங்கே பழைய 12 இன்ச் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தேன், கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. 20 இன்ச் வட்டத்தை ஒட்டினேன், இரண்டு பக்கமும் 5 இன்ச்தான் மிச்சம், கதவுச் சட்டத்தை முட்டுகிற மாதிரி ஒரு நெருக்கம். 16 இன்ச்சில் பக்கத்துக்கு 7 இன்ச் காலி, பார்த்தவுடன் மனசு அமைதியானது. சுவர்த்துண்டின் அகலத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். காகித வட்டத்தை இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன், காலையிலும் மாலையிலும் போகிற போக்கில் பார்க்கும்போதும் உறுத்தவில்லை. அதற்கப்புறம்தான் கடிகாரம் தேடினேன்.

தேடும்போது கவனிக்க வேண்டியது, 16 இன்ச் என்று போட்டிருப்பது வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரையான அளவு. சுற்றிலும் கதிர் கதிராகக் கம்பி வைத்த கடிகாரங்களில் நடுவில் இருக்கிற டயல் அதில் பாதிகூட இருக்காது, சுவரை நிரப்பும், மணி தெரியாது. நான் அந்த வகையைத் தவிர்த்தேன், ஆனால் வேறொன்றில் ஏமாந்தேன். மர நிற டயல், பொன் நிற முள். கையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. சுவரில் வைத்துவிட்டு 14 அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் முள் எங்கே என்றே தெரியவில்லை, இரண்டும் ஒரே அடர்த்தி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிர் டயலில் தடித்த கறுப்பு முள், ஒன்றரை இன்ச் அகலமுள்ள அடர் நிற விளிம்பு உள்ள ஒன்றை எடுத்தேன். தூரத்திலிருந்து மணி தெரிவதற்கு டயலின் பருமனைவிட முள்ளுக்கும் டயலுக்கும் உள்ள நிற வேறுபாடுதான் முக்கியம். அந்த அடர் விளிம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் சுவர் வெள்ளை. வெள்ளைச் சுவரில் மெல்லிய விளிம்புள்ள வெள்ளைக் கடிகாரம் கரைந்துபோய் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும், அடர் விளிம்பு இருந்தால் முழு 16 இன்ச்சும் கண்ணுக்குக் கிடைக்கிறது.

மாட்டுவதற்கு முன்னால் உயரம். தனிச் சுவரில் மாட்டுகிற பொருளின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 இன்ச் வரை இருப்பது பொதுவான கணக்கு, நிற்பவர் கண் மட்டம் அது. ஆனால் இந்தச் சுவர்த்துண்டில், கதவு ஓரத்தில் சுவிட்ச் போர்டு இருக்கிறது, அதன் மேல் விளிம்பு 52 இன்ச். மையத்தை 60-ல் வைத்தால் கடிகாரத்தின் அடி சரியாக 52-ல் வந்து போர்டின் தலையில் உட்கார்ந்துவிடும். அதனால் மையத்தை 64-க்கு ஏற்றினேன், நடுவில் 4 இன்ச் மூச்சு விட இடம். நாலு இன்ச் ஏறியதால் ஒன்றும் மோசமாகவில்லை, உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது நல்லதுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே டிரில் போடவே கூடாது. வயர் போகிற குழாய் பெரும்பாலும் போர்டிலிருந்து நேராக மேலே சுவருக்குள் ஏறும். என் போர்டு கதவுப் பக்கம் ஒதுங்கியிருந்ததால் துளை போட வேண்டிய இடம் அதன் ஓரத்திலிருந்து 5 இன்ச்சுக்கு மேல் தள்ளி வந்தது. அப்படியும் மெயினை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லால்தான் போட்டேன். துளையைக் கடிகாரத்தின் மையத்தில் குறிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் இருக்கிற சாவித்துவாரம் மையத்துக்கு மேலேதான் இருக்கும், என்னுடையதில் இரண்டரை இன்ச் மேலே. ஆக 64-க்குப் பதில் 66½ இன்ச்சில் துளை. ஸ்க்ரூவின் தலை சுவரிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும், ரொம்ப வெளியே விட்டால் கடிகாரம் முன்னால் சாயும்.

சோபாவுக்கு மேலே காலியான இடத்தில், வீட்டில் ஏற்கெனவே இருந்த 16 இன்ச் அகலப் படங்கள் மூன்றை 3 இன்ச் இடைவெளியில் வரிசையாக, சாய்மானத்துக்கு 8 இன்ச் மேலே மாட்டினேன். மொத்தம் 54 இன்ச். அது ஒரு மணி நேர வேலை, சொல்ல வேறொன்றும் இல்லை.

இனி அலமாரி. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

அலமாரி 36 இன்ச் அகலம், 12 இன்ச் ஆழம், 60 இன்ச் உயரம். நான்கு தட்டுகள், ஒவ்வொன்றிலும் உள் உயரம் 13 இன்ச், அதற்கு மேலே திறந்த மேல் பலகை. இதில் இருந்த எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைத்து, உயர வரிசைப்படி நிற்க வைத்தேன். மொத்தம் 23. அவற்றில் 17 பொருட்கள் 5 இன்ச்சுக்கும் கீழே. நான்கு மட்டும் 5-க்கும் 8-க்கும் இடையில். 8-ஐத் தாண்டியவை இரண்டே இரண்டு. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 13 இன்ச் உயரமுள்ள தட்டில் 4 இன்ச் பொருட்களை நிறுத்தினால் மேலே 9 இன்ச் காலி, கீழே பொடிப்பொடியாக நெரிசல். அதனால்தான் ஒரே நேரத்தில் அடைசலாகவும் வெறுமையாகவும் இருந்தது. நான் அந்த வெறுமையைப் பார்த்து இன்னொரு 4 இன்ச் பொருளை வாங்கி வைத்தேன், நெரிசல் கூடியது, வெறுமை அப்படியே இருந்தது.

தேவைப்பட்டது உயரம். ஒரு பூ ஜாடி வாங்கினேன், 12 இன்ச். தட்டு 13 இன்ச், உள்ளே போய்விடும் என்ற கணக்கு. போனது, ஆனால் மேலே ஒரே ஒரு இன்ச் மிச்சம், ஜாடியைத் திணித்து வைத்தது போல இருந்தது, பலகையைத் தாங்கி நிற்கிற தூண் மாதிரி. தட்டுக்குள் நிற்கிற உயரமான பொருள் அந்த உயரத்தில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை இருந்தால்தான் நன்றாக இருக்கிறது. 13 இன்ச்சுக்கு அது ஒன்பது, பத்து இன்ச். அதனால் 12 இன்ச் ஜாடி மேல் பலகைக்குப் போனது, தட்டுக்காக 10 இன்ச்சில் இன்னொன்று வாங்கினேன். மொத்த வேலையிலும் புதிதாக வாங்கியது ஒரு கடிகாரமும் இந்த இரண்டு ஜாடிகளும் ஒரு ஜாடிக்கான காய்ந்த தண்டுகளும் மட்டும்தான்.

மேல் பலகையில் தலைக்கு மேலே தடை இல்லை, ஆகவே ஜாடியில் காய்ந்த தண்டுகள் வைத்தேன். வாங்கி வந்தபடியே 30 இன்ச் தண்டுகளைச் செருகியபோது மின்விசிறிக் காற்றில் எல்லாம் ஆடின, ஜாடியும் கூடவே ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வாய்க்கு வெளியே 16 இன்ச் தெரியும்படி நிறுத்தினேன், ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். ஜாடியின் வாய் இரண்டு இன்ச்தான், அதனால் ஐந்து தண்டு போதுமானதாக இருந்தது. வாய் அகலமான ஜாடி என்றால் இந்த ஐந்தும் நாலாபக்கமும் சரிந்து விழும், அதை நிரப்ப இரண்டு மூன்று மடங்கு தண்டு வேண்டியிருக்கும். கடைசியாக ஜாடியின் மூன்றில் ஒரு பங்குக்குக் கூழாங்கல் போட்டேன், உயரமான ஒல்லி ஜாடியில் எடை அடியில் இல்லாவிட்டால் ஒரு துணி பட்டாலே சாய்ந்துவிடும். ஜாடிக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல், பழைய மரப்பெட்டி ஒன்று, தட்டையாக, அகலமாக. அவ்வளவுதான் மேல் பலகை. உயரமானதும் படுத்திருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டே பொருள் போதும்.

10 இன்ச் ஜாடி வைத்த தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிக நேரம் போனது. ஜாடியை வலது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தேன். அடுத்து ஒரு பித்தளைக் கிண்ணம், 4 இன்ச் உயரம். அதை நேரடியாகப் பலகையில் வைத்தால் ஜாடியின் காலடியில் விழுந்து கிடந்தது. அடியில் இரண்டு புத்தகங்களைப் படுக்க வைத்தேன், அவை 3 இன்ச், ஆகக் கிண்ணம் 7 இன்ச்சுக்கு ஏறியது. மூன்றாவதாகக் கல்லில் செய்த சின்னப் பறவை, 4 இன்ச். பத்து, ஏழு, நாலு. மூன்றின் உச்சியையும் கோடு போட்டு இணைத்தால் சரிவான முக்கோணம். பார்க்கச் சரியாக இருக்க வேண்டும், ஆனால் எனக்கு ஏதோ குறையாகவே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. மூன்றையும் சம இடைவெளி விட்டு, ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, கூட்டமாகச் சேரவில்லை. ஜாடியைப் பின்னால் தள்ளி, கிண்ணத்தைப் புத்தகத்தோடு அதற்கு முன்னால் கொஞ்சம் நகர்த்தி, நேர் எதிரே நின்று பார்த்தால் கிண்ணம் ஜாடியின் ஓரத்தை ஒரு இன்ச் மறைக்கும்படி வைத்தேன். பறவையைக் கிண்ணத்துக்கு முன்னால் சாய்வாக. உடனே மூன்றும் ஒரு பொருளாகிவிட்டன. அந்த ஒற்றைக் கூட்டம் 20 இன்ச் அகலத்துக்குள் அடங்கியது, மீதி 16 இன்ச் வெறுமையாக விட்டேன். முன்பு இருந்த வெறுமைக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். அப்போது எல்லாப் பொருளுக்கும் மேலே கிழிசல் மாதிரிப் பரவியிருந்தது, இப்போது ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்கிறது. 12 இன்ச் ஆழம் எதற்கு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒற்றைப்படையாக வை, மூன்று அல்லது ஐந்து வை என்று சொல்வார்கள். அது உண்மைதான், மூன்றில் கண்ணுக்கு ஒரு நடு கிடைக்கிறது, இரண்டு சம உயரப் பொருள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் என் அனுபவத்தில் எண்ணிக்கையைவிட உயர வேறுபாடும் ஒன்றையொன்று மறைப்பதும்தான் பெரிது. முன்பு அதே தட்டில் 4 இன்ச் பொருட்கள் ஐந்து இருந்தன. ஐந்தும் ஒற்றைப்படைதான், எந்தப் பிரயோசனமும் இல்லை.

மேலே இருந்து முதல் தட்டில் இடப்பக்கம் செங்குத்தாகப் புத்தகங்கள், அவை சாயாமல் பிடித்துக்கொள்ள 9 இன்ச் மரச்சிலை, சிலைக்கு முன்னால் ஒரு சின்னப் பொருள். பொடிப் பொருட்களில் விடவே மனமில்லாத ஐந்தை மூன்றாவது தட்டில் ஒரு 14 இன்ச் தட்டையான மரத் தாம்பாளத்தில் சேர்த்து வைத்தேன். தாம்பாளத்தின் விளிம்பு அந்த ஐந்தையும் வளைத்துக்கொள்வதால் தூரத்திலிருந்து ஒரே பொருளாகத் தெரிகிறது. என் கணக்கு இது: கை முஷ்டியைவிடச் சின்னதாக இருக்கிற எதுவும் அலமாரியில் தனியாக நிற்கக் கூடாது. 12 அடி தூரத்திலிருந்து அது பொருளாகத் தெரியாது, துடைக்க மறந்த தூசு மாதிரிதான் தெரியும். தாம்பாளத்தில் கூட்டத்தோடு சேர வேண்டும், இல்லையென்றால் கைக்கு எட்டுகிற மேஜைக்குப் போக வேண்டும். கடைசித் தட்டில் படுக்கையறையில் இருந்த இரண்டு பெரிய கூடைகள், உள்ளே சார்ஜர், வயர். அடித்தட்டு பருமனாக இருந்தால்தான் மேலே இருக்கிற உயரமான ஜாடிக்கு ஈடு கிடைக்கிறது.

ஒவ்வொரு தட்டையும் முடித்ததும் சோபாவில் போய் உட்கார்ந்து, போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நிறம் போய்விட்டால் உருவமும் கனமும் மட்டும்தான் மிஞ்சும். முதல் படத்தில் அடர் நிறப் பொருட்கள் எல்லாம் வலப்பக்கமே குவிந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. பித்தளைக் கிண்ணமும் மரப்பெட்டியும் ஒரே ஓரத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்று. பெட்டியை இடப்பக்கம் மாற்றி, ஜாடியையும் அதோடு நகர்த்தியதும் சரியானது. நேரில் நின்று பார்த்தபோது இது என் கண்ணில் படவே இல்லை.

23-ல் 10 பொருட்கள்தான் திரும்ப அலமாரிக்குப் போயின. மற்ற 13-ஐயும் உயரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன், தாம்பாளத்தில் இருக்கிற ஒன்றை மாற்ற நினைத்தால் அதே உயரத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஜாடிகளின் அடியில் ஃபெல்ட் ஒட்டிவிட்டேன், பலகையில் கீறல் விழுவதில்லை. மூன்றாவது தட்டின் வலப்பக்கம் தாம்பாளத்துக்குத் துணையாக ஏழெட்டு இன்ச்சில், உருண்டையாக, அடர் நிறத்தில் ஒன்று வேண்டும், என் 23-ல் அப்படி எதுவும் இல்லை. அதன் அளவில் ஒரு காகிதத்தைச் சுருட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மா அதைத் தினமும் பார்க்கிறார், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.